வேலையில் சேர்ந்த பிறகு கன்சல்டன்சியின் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"போன் வந்தா 'இப்ப வேலை தேடலை'ன்னு சொல்லிடறேன். அது போதாதா?"

போதாது. போனில் பேசியவர் கணினியில் உங்கள் பெயருக்கு நேராக 'இப்போது வேண்டாம்' என்று ஒரு குறிப்புப் போடுவார். அதற்கு மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து மறுபடி கூப்பிடு என்றுதான் பொருள். ரெஸ்யூம், பாஸ்போர்ட் நகல், சம்பளச் சீட்டு எல்லாம் அப்படியே இருக்கும். பேசியவர் வேலையை விட்டுப் போனால், அவர் இடத்துக்கு வருபவர் அந்தப் பட்டியலை முதலிலிருந்து கூப்பிட ஆரம்பிப்பார்.

போன் தொல்லையாவது பொறுத்துக்கொள்ளக்கூடியது. பெரிய ஆபத்து வேறு. கன்சல்டன்சிகள் பழைய ரெஸ்யூமை உங்களைக் கேட்காமலே கம்பெனிகளுக்கு அனுப்புவதுண்டு. 'கையில் பத்துப் பேர் இருக்கிறார்கள்' என்று காட்டினால்தான் அவர்களுக்கு ஆர்டர் கிடைக்கும். அப்படிப் போகும் ரெஸ்யூம் நீங்கள் இப்போது வேலை பார்க்கும் கம்பெனியின் எச்.ஆர். மேசைக்கே வந்தால், சேர்ந்து நாலு மாதத்தில் வேறு வேலை தேடுகிறார் என்றுதான் அங்கே நினைப்பார்கள். ரெஸ்யூம் போன வருடத்தது என்பதை யாரும் தேதி போட்டுப் பார்க்க மாட்டார்கள்.

"எங்கெங்கே பயோடேட்டா கொடுத்தேன்னே ஞாபகம் இல்லை. எதிலிருந்து ஆரம்பிக்கிறது?"

உங்கள் மெயிலிலிருந்து. ஜிமெயில் தேடல் பெட்டியில் இதை அப்படியே போடுங்கள்:

```
in:sent has:attachment (resume OR cv OR biodata OR passport)
```

நீங்கள் இணைப்போடு அனுப்பிய மெயில்கள் வரிசையாக வரும். யாருக்கு, எந்தத் தேதியில், எந்தக் கோப்பு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வாட்ஸ்அப். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பாதி விண்ணப்பம் வாட்ஸ்அப்பில்தான் போகிறது. ஒவ்வொரு ஏஜென்ட்டின் சாட்டையும் திறந்து, மேலே பெயரைத் தொட்டு, ஆவணங்கள் பகுதியில் நீங்கள் அனுப்பியவற்றைப் பாருங்கள். 'எல்லோருக்கும் அழி' என்பது அனுப்பி இரண்டு நாளுக்குச் சற்று அதிகம் வரைதான் செல்லும். பழையதை உங்கள் பக்கத்திலிருந்து திரும்ப எடுக்க முடியாது, அவரைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது வேலைவாய்ப்புத் தளங்கள். இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தளத்தில் உங்கள் கணக்கை அழித்தால் தளத்தில் இருப்பதுதான் போகும். அதற்கு முன்பே கன்சல்டன்சி இறக்கி வைத்துக்கொண்ட பிரதி அவர்கள் கணினியில் தனியாக இருக்கும். அது தளத்தின் கட்டுப்பாட்டில் இல்லை. ஆனாலும் தளத்துக் கணக்கை மறைப்பதையோ அழிப்பதையோதான் முதலில் செய்ய வேண்டும். காரணம் கீழே மூன்றாவதாக வரும் கேள்வியில் இருக்கிறது.

"ஆபர் லெட்டர் வந்ததுமே எழுதிடலாமா?"

வேண்டாம். ஆபர் லெட்டர் வந்த பிறகும் சேரும் தேதி தள்ளிப்போவதுண்டு, சில சமயம் ஆபரே ரத்தாவதும் உண்டு. வளைகுடா வேலை என்றால் விசா கைக்கு வரும்வரை எதுவும் உறுதியில்லை. சேர்ந்து முதல் மாதச் சம்பளம் வங்கியில் விழுந்த பிறகு எழுதுவது நிதானமான நேரம்.

புரொபேஷன் முடியும்வரை காத்திருக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. இப்போதே ஆவணங்களை மட்டும் அழிக்கச் சொல்லுங்கள், பெயரையும் நம்பரையும் விட்டுவையுங்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம், மெடிக்கல் ரிப்போர்ட் இவையெல்லாம் விண்ணப்பிக்கும்போது ஒரு கன்சல்டன்சிக்குத் தேவையே இல்லாதவை. கேட்டார்கள் என்று கொடுத்திருப்போம். புரொபேஷன் முடிந்ததும் மிச்சத்தையும் எடுக்கச் சொல்லலாம்.

"லெட்டர்ல என்ன எழுதணும்? ஒரு மாதிரி காட்டுங்க."

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். கீழக்கரைக்காரர், ஏ.சி. மெக்கானிக். துபாய் வேலைக்காகச் சென்னைக் கன்சல்டன்சி ஒன்றில் பதிந்தார், இன்டர்வியூவுக்கும் போய் வந்தார். அது நடக்கவில்லை. பிறகு மண்டபத்தில் இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனியின் குளிர்பதனக் கிடங்கில், வேறு ஒருவர் மூலம் வேலை கிடைத்துச் சேர்ந்துவிட்டார்.

இவருடைய கடிதத்தில் முக்கியமான பகுதி அடையாளப் பகுதிதான். கன்சல்டன்சிகளின் மென்பொருள் பெரும்பாலும் மெயிலையும் போன் நம்பரையும் வைத்துத்தான் ஆளைச் சேர்த்துப் பார்க்கும். நம்ம பக்கத்துப் பெயர்களில் எழுத்து ஒவ்வொரு தாளிலும் மாறும். முகமது என்ற ஒரே பெயர் பாஸ்போர்ட்டில் Mohamed என்றும், டிப்ளமோ சான்றிதழில் Mohammed என்றும், ரெஸ்யூமில் Md என்றும் இருக்கும். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராக விரிந்திருக்கும். ஊரில் ஒரு நம்பர், வெளிநாட்டில் இருந்தபோது ஒரு நம்பர். இதனால் ஒரே ஆளுக்கு மூன்று பதிவு இருக்கும். ஒன்றை மட்டும் அழித்துவிட்டு 'முடிந்தது' என்பார்கள். ஆகவே எல்லா எழுத்து வடிவத்தையும் எல்லா நம்பரையும் எழுத வேண்டும். அது இப்படி வரும்:

> பொருள்: என் விவரங்களை வைத்திருக்க அளித்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், நீக்கக் கோருகிறேன்
>
> உங்கள் நிறுவனத்தில் ஏ.சி. மெக்கானிக் வேலைக்காக (மாதம், வருடம்) பதிவு செய்திருந்தேன். இப்போது வேறு வேலையில் சேர்ந்துவிட்டதால் அந்தப் பதிவின் நோக்கம் முடிந்துவிட்டது.
>
> என் பெயர் உங்கள் பதிவுகளில் இருக்கக்கூடிய வடிவங்கள்: (எல்லாம்). போன் நம்பர்கள்: (எல்லாம்). மெயில்: (எல்லாம்).
>
> 1. ரெஸ்யூம், பாஸ்போர்ட் நகல், சான்றிதழ், சம்பளச் சீட்டு, மெடிக்கல் ரிப்போர்ட் ஆகியவற்றை மென்பொருள், எக்செல் பட்டியல், மெயில், அலுவலக வாட்ஸ்அப் ஆகிய எல்லா இடங்களிலிருந்தும் நீக்கவும்.
> 2. இன்று முதல் என் ரெஸ்யூமை எந்தக் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டாம்.
> 3. ஏற்கெனவே எந்தெந்தக் கம்பெனிகளுக்கு அனுப்பினீர்கள் என்பதை, நீக்குவதற்கு முன் தெரிவிக்கவும்.
> 4. மறுபடி கூப்பிடாமல் இருப்பதற்காக மட்டும் என் நம்பரையும் மெயிலையும் 'தொடர்பு கொள்ளக் கூடாது' பட்டியலில் வைக்கலாம்.
> 5. சட்டப்படி வைத்திருக்க வேண்டியது ஏதாவது இருந்தால், எது, எதற்காக, எவ்வளவு காலம் என்று எழுதவும்.
>
> 30 நாளுக்குள் மெயிலில் பதில் தரவும்.

மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள், வரிசையையும் மாற்றாதீர்கள். அழித்த பிறகு 'யாருக்கு அனுப்பினீர்கள்' என்று கேட்டால், 'பதிவே இல்லை, எப்படிச் சொல்வது' என்பார்கள். நியாயமான பதில்தான்.

இந்தக் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கவனியுங்கள்: புதிய கம்பெனியின் பெயர். அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சொன்னால் அடுத்த வாரமே அந்த எச்.ஆரை 'உங்களுக்கு ஆள் வேண்டுமா' என்று கூப்பிடுவார்கள், பேச்சை ஆரம்பிக்க உங்கள் பெயரையே எடுப்பார்கள். அடையாளம் காட்ட ஆதார் நகல் கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவு செய்த அதே மெயிலிலிருந்து எழுதுவதே போதுமான அடையாளம். அழிக்கச் சொல்லும்போது புதிதாக ஒரு ஆவணம் அனுப்புவது கோமாளித்தனம்.

ஊரில் உள்ள அலுவலகத்துக்குத் தமிழில் எழுதுங்கள். மும்பை, பெங்களூரு அலுவலகம் என்றால் இதையே ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள்.

"'அழிச்சிட்டோம்'னு மெயில் வந்துச்சு. மூணு மாசம் கழிச்சு அதே ஆபீஸ்லேருந்து மறுபடி போன். பொய் சொல்லிட்டாங்களா?"

பல நேரம் பொய் இல்லை. முழுசாக அழித்ததுதான் காரணம். கன்சல்டன்சிகள் வேலைவாய்ப்புத் தளங்களுக்குச் சந்தா கட்டி, தேவைப்படும்போதெல்லாம் ஆட்களை மொத்தமாக இறக்குவார்கள். 'ஏ.சி. மெக்கானிக், ராமநாதபுரம், 3 வருட அனுபவம்' என்று தேடினால் தளத்தில் உங்கள் கணக்கு உயிரோடு இருக்கும்வரை உங்கள் பெயர் வரும். உங்களை அழித்துவிட்டதால், அந்த மென்பொருளுக்கு நீங்கள் இப்போது புது ஆள். தடுக்க அங்கே எந்தக் குறிப்பும் இல்லை.

அதனால்தான் இரண்டு விஷயம். தளத்துக் கணக்கை மறைத்துவிட்டோ அழித்துவிட்டோதான் கடிதம் எழுத வேண்டும். கடிதத்தில் நாலாவது வரி இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அழி என்று சொல்லிவிட்டு நம்பரை மட்டும் வைத்துக்கொள் என்பது முரணாகத் தோன்றும். ஆனால் மறுபடி இறக்கும்போது 'இந்த நம்பரைச் சேர்க்காதே' என்று தடுக்க, அந்த நம்பர் எங்காவது இருந்தாக வேண்டும். அந்தப் பட்டியலில் பெயரோ ரெஸ்யூமோ தேவையில்லை.

எந்தக் காரணம் என்று கண்டுபிடிப்பது சுலபம். போன் செய்பவரிடம் 'என் ரெஸ்யூமில் கடைசிக் கம்பெனி என்னவென்று போட்டிருக்கிறது?' என்று கேளுங்கள். கன்சல்டன்சிக்கு நீங்கள் நேரடியாக அனுப்பிய பழைய ரெஸ்யூமில் இருப்பதைச் சொன்னால் அவர்கள் அழிக்கவில்லை. தளத்தில் பிறகு மாற்றியதைச் சொன்னால் புதிதாக இறக்கியிருக்கிறார்கள். முதலாவதற்குப் புகார், இரண்டாவதற்குத் தளத்துக் கணக்கைச் சரிசெய்வது.

"இப்ப இருக்கிற வேலையை வாங்கிக் கொடுத்ததே அந்தக் கன்சல்டன்சிதான். அவங்ககிட்டயும் கேட்கலாமா?"

கேட்கலாம், உடனே வேண்டாம். உங்களைச் சேர்த்ததற்காகக் கம்பெனியிடம் அவர்கள் கட்டணம் வாங்குவார்கள். நீங்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் நின்றுவிட்டால் மாற்று ஆள் தருவதாகவும் பெரும்பாலும் ஒப்பந்தம் இருக்கும், வழக்கமாக 90 நாள். அதுவரை உங்கள் பெயர் அவர்களுக்கு வேண்டும்.

அதற்குப் பிறகும் பில் சம்பந்தப்பட்ட விவரம் போகாது. பெயர், வேலை, சேர்ந்த தேதி, கட்டணத் தொகை ஆகியவை கணக்கு ஆவணங்கள். பதிவு பெற்ற கம்பெனி என்றால் கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு வைத்திருக்க வேண்டும். இதற்காக வாதாடாதீர்கள். ஆனால் பில்லுக்குப் பாஸ்போர்ட் நகலோ பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோ தேவையில்லை. 'கணக்குக்காக வைக்கிறோம்' என்று மொத்த கோப்பையும் வைத்துக்கொண்டால், பில்லில் எது இருக்கிறதோ அதை மட்டும் வையுங்கள் என்று எழுதுங்கள்.

"துபாய் வேலைக்காக எங்க ஊர் ஏஜென்ட்கிட்ட ஒரிஜினல் பாஸ்போர்ட்டே கொடுத்திருக்கேன். இப்ப உள்ளூர்லேயே வேலை கிடைச்சிடுச்சு."

முதலில் பாஸ்போர்ட்டைக் கைக்கு வாங்குங்கள். அதுவரை 'டேட்டாவை அழி' என்ற பேச்சையே எடுக்காதீர்கள். அவர் கோபப்பட்டால் தாமதம் உங்களுக்குத்தான். பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி அது மத்திய அரசின் சொத்து. கட்டணப் பாக்கிக்கு ஈடாக யாரும் பிடித்து வைக்க முடியாது. நேரில் போகும்போது ஒருவரைக் கூட்டிப் போங்கள். வாங்கியதும் எல்லாப் பக்கத்தையும் புரட்டி விசா ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அடுத்து, அவர் யார் என்று பாருங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983ஆம் வருட குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் `emigrate.gov.in` தளத்தில் இருக்கிறது. கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் எங்கும் உள்ள சிறிய ஏஜென்ட்டுகள் பலர் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். உங்கள் தாள்களைச் சென்னைக்கோ மும்பைக்கோ தள்ளிவிடுபவர்கள் அவர்கள். ஆகவே ஊர்க்காரரிடம், 'யாருக்கு அனுப்பினீங்க அண்ணே, அவங்க நம்பர் கொடுங்க' என்று கேட்டு வாங்கி, கடிதத்தைப் பதிவு பெற்ற நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். ஊர்க்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்: 'என் பாஸ்போர்ட் போட்டோ, மெடிக்கல் எல்லாத்தையும் போன்லேருந்து எடுத்துடுங்க, குரூப்லேயும் போட வேண்டாம்.' தெரிந்தவரிடம் சட்டம் பேசினால் அடுத்த பெருநாளைக்கு முகம் பார்க்க முடியாது. ஆனால் அந்த ஒரு வரி எழுத்தில் இருக்கட்டும்.

உங்களுடையது ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் என்பதால் குடிபெயர்வு அனுமதிக்காக அரசுத் தளத்தில் உங்கள் பெயரில் விண்ணப்பம் ஏறியிருந்தால், அந்த அரசுப் பதிவை ஏஜென்சியால் நீக்க முடியாது. அது அவர்கள் டேட்டாபேஸ் அல்ல.

"சட்டப்படி கட்டாயப்படுத்த முடியுமா, இல்ல அவங்க மனசு வெச்சாத்தானா?"

இந்த வருடங்களில் இதற்கு இரண்டு பகுதிப் பதில். 2023ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தெளிவான உரிமை தருகிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் (6ஆவது பிரிவு). அழிக்கக் கேட்கலாம் (12ஆவது பிரிவு). சட்டப்படி வைக்க வேண்டியது தவிர மற்றதை அவர்கள் அழிக்க வேண்டும். ஆனால் இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அதாவது 2027 மே வரை. அதற்குமுன் இந்தச் சட்டத்தைக் காட்டித் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் வழக்காட முடியாது. அமலுக்கு வந்த பிறகும் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு அவர்களுக்கு அதிகபட்சம் 90 நாள்.

அதுவரை கையில் இருப்பது 2011ஆம் வருடத் தகவல் தொழில்நுட்ப விதிகள். இவற்றின் பட்டியலில் வங்கிக் கணக்கு விவரம், மருத்துவப் பதிவு, கைரேகை போன்றவை உண்டு. அவற்றுக்குக் கொடுத்த சம்மதத்தை எழுத்தில் திரும்பப் பெறலாம், குறைதீர்ப்பு அலுவலர் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஒற்றை அறையில் நடக்கும் தனியாள் ஏஜென்சியும் இதில் அடங்கும். மாதிரிக் கடிதத்தில் 30 நாள் என்று போட்டது இதனால்தான். ஆனால் ரெஸ்யூமும் போன் நம்பரும் அந்தப் பட்டியலில் வராது.

ஐரோப்பியக் கம்பெனி நேரடியாக ஆள் எடுத்திருந்தால் அங்கே ஒரு மாதத்தில் பதில் தருவது இப்போதே கட்டாயம். நடைமுறையில் பெரிய கன்சல்டன்சிகள் சட்டத்தைக் காட்டாமலே செய்துவிடுகின்றன. ஒழுங்காக எழுதிய கடிதம் வந்தால் அது ஒரு மணி நேர வேலை.

"ரெண்டு தடவை எழுதியும் பதில் இல்லை."

ஏழு நாளில் 'கிடைத்தது' என்றுகூட வரவில்லை என்றால் அனுப்பிய முகவரியைச் சந்தேகியுங்கள். உங்களிடம் பேசிய ரெக்ரூட்டரின் தனி மெயிலுக்கு அனுப்பியிருப்பீர்கள். அவர் வேலையை விட்டுப் போயிருப்பார். நிறுவனத்தின் தளத்தில் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியில் குறைதீர்ப்பு முகவரி இருக்கும், அதற்குப் பழைய மெயிலோடு சேர்த்து அனுப்புங்கள். அப்படி ஒன்றும் இல்லாவிட்டால் அலுவலக முகவரிக்குப் பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்ட். மெயிலைப் பார்க்காமல் விடுபவர்களும் கையெழுத்துப் போட்டு வாங்கிய தபாலைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

"என் பழைய ரெஸ்யூம் இப்ப வேலை பார்க்கிற கம்பெனிக்கே வந்துடுச்சு. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார்."

அனுப்பிய கடிதம் இருந்தால் அதைத் தேதியோடு மேனேஜரிடம் காட்டுங்கள். கடிதமே எழுதவில்லை என்றால் ரெஸ்யூமையே காட்டுங்கள்: அதில் இந்த வேலை இல்லை, பழைய வேலையோடு நிற்கிறது என்பதே அது சேர்வதற்கு முந்தையது என்று சொல்லிவிடும். எச்.ஆரிடம் அந்த மெயில் எந்தக் கன்சல்டன்சியிலிருந்து, எந்த நாளில் வந்தது என்று கேட்டு வாங்குங்கள். பிறகு அந்தக் கன்சல்டன்சிக்கு எழுதும்போது, 'இந்தத் தேதியில் என் சம்மதம் இல்லாமல் அனுப்பியிருக்கிறீர்கள்; அது தவறுதலாகப் போனது என்று அந்தக் கம்பெனிக்கே மெயில் அனுப்பி எனக்கும் நகல் போடுங்கள்' என்று கேளுங்கள். வாடிக்கையாளர் கம்பெனியின் முன்னால் பெயர் கெடுவதை விரும்பாததால், மற்ற எதற்கும் அசையாதவர்கள்கூட இதைச் செய்வார்கள்.

"அழிச்சிட்டா நாளைக்கு வேற வேலை தேடும்போது கஷ்டமா?"

புதிய ரெஸ்யூமோடு மறுபடி பதியலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் 'தொடர்பு கொள்ளக் கூடாது' பட்டியலில் நம்பர் இருந்தால் மென்பொருள் உங்களைத் தானாகத் தள்ளிவிடும், விண்ணப்பித்தும் பதில் வராது. அதனால் அந்த நேரத்தில் முதலில் 'பட்டியலிலிருந்து என் நம்பரை எடுத்துவிடுங்கள்' என்று ஒரு மெயில் போட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.